போலிக் கணக்கில் நம் படம் இருக்கிறதா என்று கண்டறிவது எப்படி?

கேள்வி: என் படத்தை வைத்து யாரோ ஒரு கணக்கு தொடங்கியிருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். என் கணக்கிலிருந்து என் பெயரைத் தேடினேன், எதுவும் இல்லை. கூகுளில் படத்தைப் போட்டுப் பார்த்தேன், அங்கும் இல்லை. அப்படியொரு கணக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

அந்தக் கணக்கு இல்லாமலே இருக்கலாம். ஆனால் நீங்கள் செய்த இரண்டு சோதனைகளும், அது இருந்திருந்தாலும் உங்களுக்குக் காட்டியிருக்க வாய்ப்பில்லை. ஒருவர் பெயரில் போலிக் கணக்கு தொடங்குபவர் பெரும்பாலும் செய்யும் முதல் வேலையே, உரியவரை அந்தக் கணக்கிலிருந்து பிளாக் செய்துவிடுவதுதான். பிளாக் செய்யப்பட்டவர் எத்தனை முறை தேடினாலும் ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ அந்தப் பெயர் அவருக்கு வராது. கூகுளைப் பொறுத்தவரை, கடவுச்சொல் போட்டு உள்ளே போனால் மட்டும் தெரியும் பக்கங்களை அது படிப்பதில்லை. சமூக வலைதளங்களில் உள்ள தனிநபர் படங்களில் பெரும்பகுதி அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆகவே, இதுவரை கிடைத்த ‘இல்லை’ என்ற விடையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், தேடலை முதலிலிருந்து தொடங்குங்கள்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. படத்தைத் திருடி நடத்தப்படும் கணக்குகள் பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கும். முதல் வகையில் உங்கள் படமும் உங்கள் பெயரும் சேர்ந்தே இருக்கும். உங்களைத் தெரிந்தவர்களை நட்பில் சேர்த்து, அவசரமாகப் பணம் கேட்பதோ உங்களைப் பற்றி அவதூறு பரப்புவதோ அதன் நோக்கம். இரண்டாம் வகையில் படம் மட்டும்தான் உங்களுடையது. பெயர், ஊர், தொழில் எல்லாம் கற்பனை. உங்களை அறியாத யாரையோ காதல் வலையிலோ முதலீட்டு மோசடியிலோ சிக்கவைக்க, நம்பும்படியான ஒரு முகம் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவே. முதல் வகையைப் பெயரைக் கொண்டும் மனிதர்களைக் கொண்டும் தேட வேண்டும். இரண்டாம் வகைக்குத்தான் படத்தேடல் பயன்படும். பலரும் இதை மாற்றிச் செய்துவிட்டு, எதுவும் இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் கண்ணில் பட்டது என்று நீங்கள் சொல்வதால், உங்களுடையது முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதல் வகையைத் தேட உங்கள் கணக்கை விட்டு வெளியே வாருங்கள். நீங்களே இன்னொரு கணக்கு தொடங்கிப் பார்ப்பது போதாது. இன்ஸ்டாகிராமில் ஒருவரை பிளாக் செய்யும்போது, அவருடைய மற்றக் கணக்குகளையும் இனிமேல் அவர் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்தே தடுக்கும் தெரிவு இருக்கிறது. உங்கள் வீட்டாரின் கைபேசியும் நம்பத்தக்கதல்ல, ஏனென்றால் உங்களைத் தடுத்தவர் உங்கள் நெருங்கிய உறவினர்களையும் தடுத்திருக்கக்கூடும். உங்கள் நட்புப் பட்டியலில் இருந்தும் அதிகம் பேசாத ஒருவர்தான் இதற்கு ஏற்றவர்: பழைய வகுப்புத் தோழர், முன்பு உடன் வேலை பார்த்தவர் போன்றோர். போலிக் கணக்கு வலைவீசுவதும் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களிடம்தான். உங்களோடு தினமும் பேசாதவர், இது புதிய கணக்கா என்று உங்களைக் கேட்டு உறுதிசெய்ய மாட்டார் அல்லவா?

அப்படிப்பட்ட நாலைந்து பேரிடம் ‘என் பெயரில் போலிக் கணக்கு பார்த்தீர்களா’ என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். அவர்கள் அதைப் போலி என்று நினைத்திருக்கவே மாட்டார்கள். அதற்குப் பதிலாக, ‘என்னிடமிருந்து இரண்டாவது முறையாக நட்புக் கோரிக்கை வந்ததா’ என்று கேளுங்கள். ஃபேஸ்புக்கில் ஏற்காமல் கிடக்கும் கோரிக்கைகளின் பட்டியலையும், இன்ஸ்டாகிராமில் தெரியாதவர்களின் செய்திகள் போய்ச் சேரும் கோரிக்கைப் பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பலர் மாதக்கணக்கில் திறக்காத இடங்கள் அவை. கணக்கு அகப்பட்டுவிட்டால், அதில் பொது நண்பர்கள் யார் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். யாரெல்லாம் ஏற்கெனவே ஏமாந்து ஏற்றுக்கொண்டார்கள் என்ற அந்தப் பட்டியலைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பணம் கேட்டுச் செய்தி போகப்போவது அவர்களுக்குத்தான்.

அதே கைபேசியில் உங்கள் பெயரையும் தேடச் சொல்லுங்கள். திரையில் தெரியும் பெயர் உங்களுடையதைப் போலவே இருக்கும்; வேறுபடுவது பயனர் பெயர். ஒரே பயனர் பெயரை இருவருக்கு அந்தத் தளங்கள் தராது என்பதால், போலி செய்பவர் அதில் கண்ணுக்கு எளிதில் படாத ஒரு மாற்றத்தைச் செய்தே ஆக வேண்டும். உங்கள் பயனர் பெயர் முதல் வரியில் உள்ளதைப் போன்றது என்றால், அதற்குக் கீழே இருப்பவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து பார்க்க வேண்டும்:

```
your.name
your_name
your.name_
yourname1
the.your.name
```

பெயரில் l என்ற எழுத்து இருந்தால் அங்கே 1 என்ற எண்ணை வைப்பதும், நடுவில் வரும் ஓர் எழுத்தை இரட்டிப்பதும் வழக்கமான உத்திகள். உங்கள் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும், முன்னெழுத்தோடும் இல்லாமலும் தேடுவதும் இதே பட்டியலில் சேரும். இவற்றோடு கூகுளில் பெயரைத் தளத்துக்குள் அடக்கித் தேடும் வழியும் இருக்கிறது. படங்களைவிட எழுத்து கூகுளின் கையில் சற்று எளிதாகச் சிக்கும்; பொதுவாகத் திறந்திருக்கும் கணக்குகளில் சில இப்படி அகப்படும்.

```
site:instagram.com "உங்கள் முழுப்பெயர்"
site:facebook.com "உங்கள் முழுப்பெயர்"
site:facebook.com "உங்கள் சுயவிவரத்தில் உள்ள ஒரு முழு வரி"
```

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். படத்தை எடுப்பவர் சோம்பேறியாக இருந்தால், உங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் வரியையும் அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார். பெயரை மாற்றினாலும் அந்த வரி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது இரண்டாம் வகைக்கு வருவோம். இங்கே பெயர் உதவாது. உங்கள் முகம் வேறு யாருடைய பெயரிலோ உலவுகிறது. ‘என் படத்தை யாராவது போட்டால் ஃபேஸ்புக்கே அறிவிப்பு அனுப்புமே’ என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். 2017 டிசம்பரில் அப்படியொரு வசதியை அந்த நிறுவனம் உண்மையிலேயே அறிமுகப்படுத்தியது; யாராவது உங்கள் முகத்தைத் தன் சுயவிவரப் படமாக வைத்தால் உங்களுக்குத் தகவல் வரும். ஆனால் 2021 நவம்பரில் தன் முக அடையாளத் தொழில்நுட்பத்தை நிறுத்துவதாகவும், 100 கோடிக்கும் மேற்பட்டவர்களின் முகப் பதிவுகளை அழிப்பதாகவும் அறிவித்தபோது, இந்த அறிவிப்பு வசதியும் அதோடு போய்விட்டது. எனவே இப்போது தேடிப் போக வேண்டியது நாம்தான்.

படத்தேடலில் பெரும்பாலோர் ஒரு படத்தை ஒரு தேடுபொறியில் ஒரு முறை போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது ஏன் போதாது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒருவர் நூலகம் ஒன்றில் நாற்காலியில் அமர்ந்து எடுத்துக்கொண்ட படம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் புத்தக அலமாரி, அதற்கு மேலே ஒரு சுவர்க் கடிகாரம், அதில் மணி 4.20. இந்தப் படத்தைத் திருடியவர் இரண்டு வேலைகள் செய்கிறார்: மார்புக்கு மேல் மட்டும் வரும்படி சதுரமாக வெட்டுகிறார், பிறகு இடவலமாகத் திருப்பிவிடுகிறார். அசல் படத்தை முழுதாகப் போட்டுத் தேடினால், தேடுபொறி அலமாரியையும் நாற்காலியையும் பிரதானமாக எடுத்துக்கொண்டு ஏதேதோ நூலகங்களைக் காட்டும். முகத்தை மட்டும் வெட்டிப் போட்டால், அதே சாயலில் உள்ள வேறு மனிதர்கள் வருவார்கள். படத்தைச் சதுரமாக வெட்டி, கைபேசியின் படத்திருத்தியிலேயே இடவலமாகத் திருப்பிப் போட்டால்தான், திருடியவர் வைத்திருக்கும் வடிவத்துக்கு நெருக்கமான ஒன்று தேடுபொறியின் கையில் போய்ச் சேர்கிறது.

ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வடிவங்கள் தயார் செய்துகொள்ளுங்கள்: முழுப் படம், தலையும் தோளும் மட்டும் உள்ள சதுரம், அதே சதுரத்தைத் திருப்பியது, பின்னணியில் தனித்துத் தெரியும் பொருளோடு கூடிய ஒரு துண்டு. உங்களிடம் உள்ள எல்லாப் படங்களையும் தேட வேண்டியதில்லை. திருட்டுப் போவது பொதுவில் இருந்த படங்கள்தான். இன்றைய சுயவிவரப் படம், பழைய சுயவிவரப் படங்கள், எல்லோருக்கும் தெரியும்படி போட்டவை என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். எவை பொதுவில் இருக்கின்றன என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால், ஃபேஸ்புக்கில் பிறர் கண்ணுக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் View As வசதியில் போய்ப் பாருங்கள்.

தேடுபொறிகளும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. கூகுள் லென்ஸ் படத்தில் உள்ள பொருள்களைப் புரிந்துகொண்டு அதைப் போன்றவற்றைக் காட்டவே முயலும். நமக்கு வேண்டியது அதே படம் என்பதால், முடிவுகள் வந்ததும் Exact matches என்ற பகுதிக்குப் போக வேண்டும். சாதாரண மனிதர்களின் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காட்டுவதை அது பெரும்பாலும் தவிர்க்கும். டின்ஐ வேறு விதம். அது முகத்தை அறியாது. படத்துக்குக் கைரேகைபோல் ஒரு ரேகை எடுத்து, அதே ரேகையுள்ள நகல்களை மட்டும் தேடும். அளவு மாற்றியது, ஓரளவு வெட்டியது, நிறம் மாற்றியது ஆகியவற்றை அது பிடித்துவிடும், ஆனால் அதே ஆளின் வேறு படத்தைக் காட்டாது. முடிவுகளைப் பழமை வரிசையில் அடுக்கும் வசதியும் அதில் இருப்பதால், ஒரு படம் எங்கிருந்து பரவத் தொடங்கியது என்று பார்க்க நல்லது. யாண்டெக்ஸ் முக ஒற்றுமையைக் கூகுளைவிடத் தாராளமாகக் காட்டும். மோசடிக் கணக்குகளை ஆராய்பவர்கள் அதை விரும்பிப் பயன்படுத்துவது அதனால்தான். மூன்றிலும் நான்கு வடிவங்களையும் போட்டுப் பார்ப்பது சலிப்பான வேலைதான், ஒரு படத்துக்குக் கால்மணி நேரம் ஆகலாம். ஆனால் கிடைக்கக்கூடியது கிடைத்துவிடும்.

முகத்தை மட்டுமே கொண்டு தேடித் தரும் கட்டணத் தளங்களும் உண்டு. பிம்ஐஸ் அவற்றுள் அறியப்பட்டது. ஆனால் தான் சமூக வலைதளங்களில் தேடுவதில்லை என்று அந்தத் தளமே சொல்கிறது. அப்படியானால் நம் கேள்விக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. வலைப்பதிவுகளிலும் செய்திப் பக்கங்களிலும் வேறு இணையதளங்களிலும் முகம் பரவியிருக்கிறதா என்பதைத்தான் அது காட்டும். ‘உங்கள் படத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டுகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் பெயர் தெரியாத செயலிகளிடம் படத்தை ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திருட்டுப் போனதா என்று பார்க்கப் போய், நல்ல தெளிவுள்ள படத்தை நாமே இன்னொரு இடத்தில் கொடுத்துவிட்டு வருவதாக அது முடியும்.

ஏதோ ஒரு கணக்கு கண்ணில் பட்டுவிட்டது என்றால், அது உண்மையில் உங்கள் படம்தானா என்பதை உறுதிசெய்யுங்கள். சாயல் ஒத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. பதற்றத்தில் பார்க்கும்போது எல்லாம் நாமாகத் தெரியும். முகத்தை ஒப்பிடாமல், அந்தக் கணத்துக்கு மட்டுமே உரியவற்றை ஒப்பிட வேண்டும்: தோளில் துணி மடிந்திருக்கும் விதம், நெற்றியில் விழுந்த முடி, மூக்கின் நிழல் விழும் பக்கம், பின்னணியில் உள்ள பொருள்களின் இடைவெளி. திருப்பப்பட்ட படம் என்றால் மச்சம் மறு கன்னத்துக்குப் போயிருக்கும், சட்டைப் பொத்தான் வரிசை மறுபக்கமாக மூடியிருக்கும், பின்னால் எழுத்து இருந்தால் தலைகீழ் வரிசையில் தெரியும். நாம் பார்த்த நூலகப் படத்தில் கடிகாரம் தப்பித்தவறிச் சதுரத்துக்குள் வந்திருந்தால், அசலில் 4.20 காட்டியது போலியில் 7.40 காட்டும், ஏனென்றால் முள் கடிகாரத்தை இடவலமாகத் திருப்பும்போது, அசல் நேரத்தையும் திருப்பிய நேரத்தையும் கூட்டினால் 12 மணி வரும். இந்த அளவுக்குப் பொருந்திவிட்டால் தற்செயல் என்று சொல்ல இடமில்லை.

படத்தின் ஓரங்களும் ஒரு தகவலைச் சொல்லும். அதே படத்தை நீங்கள் ஃபேஸ்புக்கில் முழுதாகவும், இன்ஸ்டாகிராமில் வெட்டியும், வாட்ஸ்அப்பில் இன்னும் நெருக்கமாகவும் வைத்திருக்கலாம். போலிக் கணக்கில் உள்ள படத்தில் நாற்காலியின் கைப்பிடி தெரிகிறது, ஆனால் அது உங்கள் ஃபேஸ்புக் படத்தில் மட்டுமே இருக்கிறது என்றால், எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது அநேகமாகத் தெளிவாகிவிட்டது. வெட்டியதிலிருந்து முழுப் படத்தை உருவாக்க முடியாது என்பதால், அதிகம் தெரியும் நகல்தான் மூலத்தைக் காட்டும். அது நண்பர்களுக்கு மட்டும் போட்ட படமாக இருந்தால், எடுத்தவர் உங்கள் நட்புப் பட்டியலுக்குள் இருக்கிறார் அல்லது அதில் உள்ள ஒருவரின் கணக்கு பிறர் கைக்குப் போயிருக்கிறது. இனிமேல் படம் போடும்போது ஒவ்வொரு தளத்துக்கும் ஓரத்தைச் சற்று வேறாக வெட்டிப் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டால், அடுத்த முறை இந்தக் கேள்விக்கு உடனே விடை கிடைக்கும். படக்கோப்புக்குள் பதிந்திருக்கும் நேரம், இடம் போன்ற தகவல்களை இதற்கு நம்பியிருக்க வேண்டாம். தளங்களில் ஏற்றப்பட்டுத் திரும்ப எடுக்கப்படும் படங்களில் அவை பொதுவாக நீக்கப்பட்டிருக்கும்.

கணக்கின் வயதையும் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் பல கணக்குகளுக்கு, மூன்று புள்ளிப் பட்டியலில் About this account என்ற பகுதியில் சேர்ந்த தேதியும், எத்தனை முறை பயனர் பெயர் மாறியது என்பதும் தெரியும். பழைய கணக்கு, பல முறை பெயர் மாறியிருக்கிறது என்றால், அது இதற்கு முன் வேறு யாருடைய முகத்தையோ அணிந்திருந்தது என்று கருதலாம். ஃபேஸ்புக்கில் பதிவின் தேதியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அங்கே பதிவுகளுக்கு முந்தைய தேதி போட முடியும். ஐந்து வருடப் பதிவுகள் இருக்கின்றன, ஆனால் கீழே உள்ள கருத்துகளும் விருப்பங்களும் அண்மையில் சேர்ந்த சிலரிடமிருந்து மட்டுமே வந்திருக்கின்றன என்றால், அந்த ஐந்து வருடமும் ஒரே மாலையில் உருவாக்கப்பட்டதாக இருக்கலாம்.

உங்களுக்குத் தகவல் சொன்னவர் எந்த வழியில் சொன்னார் என்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நேரிலோ அழைப்பிலோ சொன்னால் சரி. ‘இது நீங்களா பாருங்கள்’ என்று ஓர் இணைப்போடு செய்தி வந்திருந்தால், அதைத் தொடவே வேண்டாம். அந்த இணைப்பு நுழைவுப் பக்கம்போல் தோன்றும் ஒன்றுக்குக் கூட்டிச் சென்று கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும். நண்பரின் கணக்கிலிருந்தே வந்தாலும், அவருடைய கணக்கு அப்படிப் பறிபோனதாலேயே உங்களுக்கு வந்திருக்கலாம். அவரை அழைத்து, பயனர் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி, செயலியின் தேடல் பெட்டியில் நீங்களே தட்டச்சு செய்வதே பாதுகாப்பு.

கணக்கு உறுதியானதும், புகார் செய்வதற்கு முன் அதன் முகவரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது தேவைதான், ஆனால் அதில் பெயரும் படமும் மட்டுமே இருக்கும். புகார் வந்தது தெரிந்தால் அவை இரண்டையும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். ஃபேஸ்புக்கில் முகவரியில் `profile.php?id=` என்பதற்குப் பின் வரும் நீண்ட எண் பெயர் மாறினாலும் மாறாது என்பதால், அது தெரியும் இடத்தில் அதைத்தான் குறித்துவைக்க வேண்டும். நீங்கள் பிளாக் செய்யப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து உங்களால் புகார் செய்ய முடியாது. அப்போது, கணக்கைப் பார்க்க முடிகிற நண்பர், தன் நண்பரைப்போல் வேடமிடுவதாக அந்தப் பக்கத்திலிருந்தே புகார் செய்யலாம். நீங்கள் உதவி மையத்தில் உள்ள ஆள்மாறாட்டப் படிவத்தின் வழியே, அடையாள ஆவணத்தோடு தனியாகப் புகார் செய்யலாம். வெறுமனே ‘போலிக் கணக்கு’ என்ற தெரிவைவிட, யாரைப்போல் வேடமிடுகிறது என்று உங்கள் உண்மையான கணக்கைச் சுட்டும் தெரிவே மேல், அங்கேதான் இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழி இருக்கிறது.

இவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால், பூட்டிய கணக்குகள், மூடிய குழுக்கள், துணை தேடும் செயலிகள், வாட்ஸ்அப் முகப்புப் படங்கள் ஆகியவை மட்டுமே மிச்சம். வெளியிலிருந்து இவற்றுக்குள் தேட நம்பத்தக்க கருவி எதுவும் இல்லை. அங்கே உங்களைப் பார்த்தவர் யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. ஆகையால் உங்களுக்குத் தகவல் சொன்னவரையே மறுபடி அணுகி, எந்தச் செயலியில், என்ன பெயரில், எந்தப் படத்தோடு பார்த்தார் என்று இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கணக்கு நீக்கப்பட்ட பிறகும், சில வாரங்கள் கழித்து அதே பயனர் பெயரின் கடைசி எண்ணை மட்டும் மாற்றி, மீண்டும் ஒரு நண்பரின் கைபேசியில் தேடிப் பாருங்கள். ஒருமுறை இந்தப் படத்தால் பயன் கண்டவர் பெரும்பாலும் அதே படத்தோடுதான் திரும்பி வருகிறார்.